போன் எடுப்பது முதல் நம்பர் சேவ் செய்வது வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் ஆண்ட்ராய்டு போன்களுக்கானவை. கூகுளின் Phone செயலியை வைத்துத்தான் பெரும்பாலும் விளக்கியிருக்கிறேன். பிக்சல், மோட்டோரோலா போன்களிலும் ஷாவ்மி, ரியல்மி மாடல்கள் பலவற்றிலும் அதுதான் இருக்கும். சாம்சங் போனில் அவர்களுடைய சொந்த டயலர் வரும். முறை மாறுகிற இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன். திரையில் தெரியும் பெயர்களை, ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, திரையில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.

அப்பாவுக்குக் கால் வருகிறது. பச்சையைத் தொடுகிறார், தொடுகிறார், எடுக்கவே மாட்டேன் என்கிறது. போன் கெட்டுவிட்டதா?

போனில் கோளாறு இல்லை. பூட்டிக் கிடக்கும் போனில் கால் வரும்போது தொட்டால் போதாது, இழுக்க வேண்டும். சட்டைப்பையில் இருக்கும்போது துணி பட்டுக் கால் தானாக எடுபட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. கூகுள் செயலியின் பழைய வடிவத்தில் நடுவில் இருக்கும் போன் படத்தின் மேல் விரலை வைத்து மேலே இழுத்தால் எடுக்கும், கீழே இழுத்தால் கட் ஆகும். புதிய வடிவத்தில் வலப்பக்கம் இழுத்தால் எடுக்கும், இடப்பக்கம் இழுத்தால் கட் ஆகும். சாம்சங்கில் பச்சை வட்டத்தில் விரலை வைத்து வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும்.

குழப்பம் கூடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. போனில் ஏற்கெனவே ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது கால் வந்தால் முழுத் திரையும் மாறாது. மேலே ஒரு சிறு பட்டை மட்டும் இறங்கும். அதில் Answer என்பதை ஒருமுறை தொட்டாலே எடுத்துவிடும். காலையில் யூடியூப் பார்க்கும்போது தொட்டு எடுத்தவர், மாலையில் மேசைமேல் கிடந்த போனையும் அப்படியே தொடுகிறார். அவர் மேல் தவறு இல்லை. ஒரே போன் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது.

தீர்வு எளிது. கூகுள் செயலியின் புதிய வடிவத்தில் Phone செயலியைத் திறந்து, மேலே உள்ள மூன்று கோடுகளைத் தொட்டு, Settings உள்ளே Incoming call gesture என்பதைப் பாருங்கள். அங்கே Single tap என்று மாற்றினால் இழுக்கத் தேவையில்லை, தொட்டாலே போதும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் முதன்முறை ஸ்மார்ட்போன் பிடிப்பவர்களுக்கும் இதைத்தான் வைத்துக் கொடுக்கச் சொல்வேன். சாம்சங்கில் Settings → Accessibility → Interaction and dexterity → Answering and ending calls என்று போனால், ஒலியைக் கூட்டும் பட்டனை அமுக்கிக் காலை எடுக்கும் வசதியே இருக்கிறது. கண் பார்வை மங்கியவர்களுக்கு அது பெரிய உதவி, திரையைப் பார்க்கவே வேண்டாம்.

கோயிலில் இருக்கும்போது கால் வருகிறது. சத்தம் நிற்க வேண்டும், ஆனால் கட் செய்ததாக அவருக்குத் தெரியக் கூடாது.

ஒலியைக் குறைக்கும் பட்டனை ஒருமுறை அமுக்குங்கள். உங்கள் பக்கம் மணியும் அதிர்வும் நின்றுவிடும். அந்தப் பக்கம் வழக்கம்போல ரிங் போய்க்கொண்டே இருக்கும். இந்த ஒரு காலுக்கு மட்டும்தான் இது. அடுத்த கால் மறுபடி சத்தத்தோடுதான் வரும்.

செயலி அப்டேட் ஆனதிலிருந்து நம்பர் போடும் இடமும் காணோம், பெயர்ப் பட்டியலும் காணோம். எங்கே போனது?

2025-இல் கூகுள் தன் Phone செயலியின் முகப்பை மாற்றியமைத்தது. முன்பு கீழே வலது மூலையில் மிதந்துகொண்டிருந்த எண்பலகைப் பட்டன், இப்போது Keypad என்ற பெயரில் கீழ்ப்பட்டையிலேயே வந்துவிட்டது. அடிக்கடி பேசுபவர்களும் சமீபத்திய அழைப்புகளும் Home என்ற ஒரே பக்கத்தில் சேர்ந்துவிட்டன. Contacts பட்டியல் மேலே தேடும் கட்டத்தில் உள்ள மூன்று கோடுகளுக்குள் போய்விட்டது. எதுவும் அழிந்துவிடவில்லை.

Keypad-ஐத் திறந்து எண்ணை அடித்து, கீழே உள்ள பச்சைப் பட்டனைத் தொட்டால் கால் போகும். நடுவில் ஓர் இலக்கம் தப்பாகிவிட்டால் முழுவதையும் அழிக்க வேண்டாம். மேலே தெரியும் எண்ணில் அந்த இலக்கத்துக்கு வலப்பக்கம் தொட்டால் குச்சி போல ஒரு கோடு அங்கே வந்து நிற்கும். அழிக்கும் பட்டனை ஒருமுறை தட்டிச் சரியானதை அடிக்கலாம். அழிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் மொத்த எண்ணும் போய்விடும். வெளிநாட்டு எண்ணுக்குத் தேவையான + குறி, 0-ஐ அழுத்திப் பிடித்தால் வரும்.

வீட்டு லேண்ட்லைனுக்குப் போட்டால் "எண் உபயோகத்தில் இல்லை" என்கிறது. ஆனால் அந்த போன் வேலை செய்கிறது.

எஸ்.டி.டி. கோடு இல்லாமல் போட்டிருப்பீர்கள். ஒரே ஊரில் இருந்தாலும் செல்போனிலிருந்து லேண்ட்லைனுக்குப் பேச ஊர்க் கோடு வேண்டும். சென்னைக்கு 044, கோவைக்கு 0422, மதுரைக்கு 0452. எதிர்த்திசையிலும் ஒரு விதி இருக்கிறது: 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் போடும்போது பத்து இலக்கத்துக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும். செல்லிலிருந்து செல்லுக்கு அந்த 0 தேவையில்லை.

காதில் வைத்ததும் திரை அணைந்துவிடுகிறது. எடுத்த பிறகும் சில நேரம் இருட்டாகவே இருக்கிறது. காலை எப்படிக் கட் செய்வது?

காதில் வைத்ததும் அணைவது சரியான நடத்தைதான். திரையின் மேல்விளிம்பில், காதில் வைக்கும் சிறு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், அருகில் ஏதாவது வந்தால் உணரும் சென்சார் ஒன்று இருக்கிறது. கன்னம் பட்டுச் சிவப்புப் பட்டனோ மியூட்டோ அமுங்கிவிடாமல் இருக்கத்தான் அது திரையை அணைக்கிறது.

காதிலிருந்து எடுத்த பிறகும் இருட்டாகவே இருந்தால், அந்த இடத்தை ஏதோ மறைக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஸ்க்ரீன் கார்டுதான் காரணம்: வேறு மாடலுக்கு வெட்டியது, ஓரம் கறுப்பாக இருப்பது, உள்ளே தூசியோ எண்ணெயோ இறங்கியது. மேல்விளிம்பை உலர்ந்த மென்துணியால் துடைத்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் கார்டை உரித்துவிட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். அப்போது திரை உடனே வருகிறது என்றால் புதுக் கார்டு வாங்கினால் போதும், போனைப் பழுதுக்குக் கொடுக்க வேண்டாம். சில விலை குறைந்த மாடல்களில் இதற்கென்று தனிச் சென்சாரே கிடையாது; வேறு வழிகளில் கணித்துத்தான் திரையை அணைக்கிறார்கள். அவற்றில் கார்டு இல்லாமலேயே இந்தத் தடுமாற்றம் வரும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. காதில் வைத்தும் திரை அணையாமல் இருந்தால், பேசப்பேசக் கன்னம் ஏதாவது பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கும். பேச்சு நடுவில் அடிக்கடி தானாகக் கட் ஆகிறது, மியூட் ஆகிறது என்பவர்கள் சிக்னலைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

பவர் பட்டனை அமுக்கினால் கால் கட் ஆகும்படி வைக்கலாமா?

வைக்கலாம். Settings → Accessibility உள்ளே Power button ends call என்று தேடுங்கள். சாம்சங்கில் மேலே சொன்ன Answering and ending calls பக்கத்திலேயே இதுவும் இருக்கும். சிவப்புப் பட்டனைத் தேடித் தடுமாறும் பெரியவர்களுக்கு விரலுக்குத் தட்டுப்படும் ஒரு நிஜப் பட்டன் கிடைப்பது நல்ல நிம்மதி.

ஆனால் முந்தைய கேள்வியில் சொன்ன இருட்டுத் திரைத் தொல்லை அந்தப் போனில் இருந்தால், முதலில் அதைச் சரி செய்யுங்கள். திரை வரவில்லையே என்று எல்லோரும் முதலில் அமுக்குவது பவர் பட்டனைத்தான். இந்த வசதி போடப்பட்டிருந்தால், பேச்சின் பாதியில் கால் அறுந்துவிடும்.

அவர் பேசுவது எனக்குக் கேட்கவே இல்லை. ஸ்பீக்கர் போட்டால் மட்டும் கேட்கிறது.

ஸ்பீக்கரில் கேட்கிறது என்பதே பாதி விடை. கால் நன்றாக வருகிறது, சிக்னலும் சரி, எதிரே இருப்பவரின் போனும் சரி. சிக்கல் உங்கள் போனின் மேல்பக்கச் சிறு ஒலிபெருக்கியில் மட்டும்தான். கால் நடக்கும்போதே ஒலியைக் கூட்டும் பட்டனை அமுக்கிப் பாருங்கள். பாட்டு கேட்கும் ஒலியளவும் கால் ஒலியளவும் வேறு வேறு, கால் நடக்கும்போது அமுக்கினால்தான் காலின் அளவு கூடும். அதற்கும் கேட்கவில்லை என்றால் மேல்விளிம்பில் உள்ள மெல்லிய வலையைப் பாருங்கள். வியர்வையும் பவுடரும் தூசியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் லேசாகத் தேய்த்தாலே பல போன்கள் சரியாகிவிடுகின்றன. ஊசி வைத்துக் குத்த வேண்டாம், வலை கிழிந்து தூசி உள்ளேயே இறங்கிவிடும்.

ஸ்பீக்கரிலும் கேட்கவில்லை, காதிலும் கேட்கவில்லை, ஆனால் கால் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் புளூடூத்தைச் சந்தேகியுங்கள். வீட்டில் எங்கோ மூடாமல் கிடக்கும் இயர்பட்ஸுக்கோ வாசலில் நிற்கும் காருக்கோ சத்தம் போய்க்கொண்டிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: புளூடூத் இணைந்திருக்கும்போது Speaker பட்டனைத் தொட்டால் உடனே ஸ்பீக்கர் வராது, சத்தம் எங்கே வர வேண்டும் என்று ஒரு சிறு பட்டியல் வரும். அதில் Phone என்றால் காது, Speaker என்றால் ஸ்பீக்கர், மூன்றாவதாக இணைந்திருக்கும் கருவியின் பெயர். Phone-ஐத் தேர்ந்தெடுத்தால் சத்தம் கைக்கு வந்துவிடும்.

ஸ்பீக்கரில் போட்டால் "கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு" என்கிறார்கள்.

போனை எப்படிப் பிடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பேசும் குரலை வாங்கும் மைக், போனின் அடிவிளிம்பில் ஊசித்துளை அளவில் இருக்கும். பலரும் ஸ்பீக்கரில் பேசும்போது போனைப் பிஸ்கட் தட்டு ஏந்துவது போல அடியில் பிடிக்கிறார்கள். சுண்டுவிரல் சரியாக அந்தத் துளையை அடைத்துவிடுகிறது. பக்கவாட்டில் பிடித்து, அடிவிளிம்பை வாய்ப்பக்கம் திருப்பி, ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசினால் தெளிவாகப் போகும். எதிரே இருப்பவருக்குத் தன் குரலே திரும்பிக் கேட்டால் உங்கள் பக்கம் ஸ்பீக்கர் ஒலி அதிகமாக இருக்கிறது. இரண்டு படி குறையுங்கள்.

மியூட் போட்டால் அவர் பேசுவது எனக்கும் கேட்காதா? போனை சைலன்ட்டில் போடுவதும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. சைலன்ட் என்பது கால் வரும்போது அடிக்கும் மணி பற்றியது. மியூட் என்பது கால் நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் மைக்கை மட்டும் அடைப்பது. எதிரே இருப்பவர் பேசுவது உங்களுக்கு முழுவதும் கேட்கும். நீங்கள் பேசுவது, பக்கத்தில் மிக்ஸி ஓடுவது, குழந்தை அழுவது எதுவும் அவருக்குக் கேட்காது. கால் நிற்பதில்லை, நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாடிக்கையாளர் சேவைக்குப் போட்டுவிட்டு அரை மணி நேரம் அவர்கள் வைத்த இசையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஸ்பீக்கரும் மியூட்டும் சேர்த்துப் போட்டுவிட்டுச் சமையலைக் கவனிக்கலாம். அந்தப் பக்கம் ஆள் வந்ததும் மியூட்டை எடுத்துவிட்டுப் பேச வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆள் வந்து "வணக்கம், சொல்லுங்க" என்கிறார். நீங்கள் எல்லாவற்றையும் விளக்குகிறீர்கள். அவர் "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். அவர் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது, நீங்கள் பேசுவது மட்டும் அவருக்குப் போகவில்லை என்றால், குரலை உயர்த்துவதற்கு முன் திரையைப் பாருங்கள். Mute பட்டன் மற்ற பட்டன்களைவிட வேறு நிறத்தில் நிரம்பி இருந்தால் அது போடப்பட்டிருக்கிறது. இன்னொரு முறை தொட்டால் நிறம் பழையபடி மாறும், குரல் போகும். நீங்கள் மியூட் போட்டதே இல்லை என்றால் கன்னம் பட்டிருக்கும்.

மியூட் அந்தக் காலோடு முடிந்துவிடும். மறந்து அப்படியே கட் செய்தாலும் அடுத்த காலில் மைக் திறந்துதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்கிறேன். அருகில் இருப்பவரிடம் ஏதாவது ரகசியம் பேச மியூட்டை நம்பலாம், ஆனால் பட்டன் நிறம் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு பேசுங்கள். விரல் பட்டும் படாமலும் போயிருக்கலாம்.

"தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்கிறது. ஒன்று எங்கே இருக்கிறது?

கால் நடக்கும் திரையில் Keypad என்ற பட்டனைத் தொடுங்கள், எண்கள் வரும். திரை இருட்டாக இருந்தால் போனைக் காதிலிருந்து எடுத்தால் வெளிச்சம் வரும். எடுக்கும் நேரத்தில் அடுத்த வாக்கியம் ஓடிவிடும் என்பதால், இந்த மாதிரிக் கால்களில் முதலிலேயே ஸ்பீக்கர் போட்டு, Keypad-ஐயும் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

பேசி முடித்து வெளியே வந்துவிட்டேன். ஆனால் அரை மணி நேரம் கால் ஓடியிருக்கிறது. எப்படி?

வெளியே வந்ததால் கால் முடியாது. ஹோம் பட்டனை அமுக்கினாலும், கீழிருந்து மேலே தள்ளினாலும், ஓடும் செயலிகளின் பட்டியலிலிருந்து Phone-ஐத் தள்ளிவிட்டாலும், கால் பின்னணியில் உயிரோடுதான் இருக்கும். சிவப்புப் பட்டனைத் தொட்டால் முடியும், அல்லது எதிரே இருப்பவர் வைக்க வேண்டும். இரண்டு பேருமே "சரி, வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மேசைமேல் வைத்துவிட்டால் இரண்டு வீட்டுப் பேச்சும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். மனவருத்தத்தில் முடிந்த கதைகள் பல இப்படித் தொடங்கியவைதான்.

கால் முடிந்ததா என்று தெரிந்துகொள்ளத் திரையின் மேல்விளிம்பைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருந்தால் அங்கே சிறிய போன் படமும், பல போன்களில் அதன் பக்கத்தில் ஓடும் நேரமும் தெரியும். அதைத் தொட்டால் கால் திரை திரும்ப வரும். மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இழுத்தால் அங்கேயே Hang up என்று இருக்கும், அதையும் தொடலாம்.

பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கால் வந்தால்?

புதிய காலை எடுத்தால் பழையது ஹோல்டில் போகும். ஹோல்டில் இருப்பவருக்கு நீங்கள் பேசுவதும் கேட்காது, அவர் பேசுவது உங்களுக்கும் கேட்காது. புதிய காலைச் சிவப்பால் முடித்துவிட்டு, பழையது இன்னும் ஹோல்டில் நின்றால் அதன் பெயரையோ ஹோல்டு பட்டனையோ தொட்டுத் திரும்பலாம். அவசரமில்லாத காலாக இருந்தால் ஒலியைக் குறைக்கும் பட்டனை அமுக்கி விட்டுவிடுவதே நிம்மதி. மிஸ்டு காலாகப் பட்டியலில் இருக்கும்.

எண்பலகையில் அடித்த நம்பரை அங்கேயே சேவ் செய்ய முடியுமா?

முடியும், கால் செய்யவே தேவையில்லை. Keypad-இல் பத்து இலக்கத்தையும் அடித்ததும் அதற்கு மேலேயே Create new contact, Add to a contact என்று இரண்டு வரிகள் வரும். சாம்சங்கில் Add to contacts என்று ஒன்று வரும், அதைத் தொட்டால் புதிதாகவா, இருப்பவரோடா என்று கேட்கும்.

ஆள் புதியவர் என்றால் Create new contact. எண் தானாகவே அதற்கான கட்டத்தில் இருக்கும், பெயரை மட்டும் அடித்து Save தொடுங்கள். ஏற்கெனவே இருப்பவரின் இரண்டாவது எண் என்றால் Add to a contact தொட்டு அவர் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இதில் சோம்பல் பட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகவே போட்டால், ஒரே சித்தப்பா "சித்தப்பா", "சித்தப்பா 2", "சித்தப்பா புதுசு" என்று மூன்று இடத்தில் இருப்பார். எது ஓடுகிற எண் என்று அவசரத்தில் தெரியாது.

பெயர் எழுதும்போது ஆளோடு தொழிலையும் ஊரையும் சேர்த்துவிடுங்கள். வெறும் "குமார்" என்று போட்டால் ஆறு மாதம் கழித்து எந்தக் குமார் என்று நினைவிருக்காது. "குமார் பிளம்பர் தாம்பரம்" என்றால் "பிளம்பர்" என்று தேடினாலும் கிடைக்கும்.

அக்கா போனில் பேசிக்கொண்டே லேப் நம்பர் சொன்னாள். பேனா இல்லை. கால் திரையில் எண்களை அடித்தேன், சேவ் செய்ய வழியே இல்லை.

நீங்கள் திறந்தது காலுக்குள் இருக்கும் Keypad. அது "ஒன்றை அழுத்தவும்" வகைக் கால்களுக்கானது. அங்கே அடிக்கும் ஒவ்வோர் எண்ணும் அக்காவின் காதில் "பீப்" என்று கேட்டிருக்கும், அங்கிருந்து சேவ் செய்ய வழி கிடையாது. வெளியே இருக்கும் எண்பலகைக்குப் போக வேண்டும்.

அக்கா நம்பர் சொல்கிறேன் என்றதும் முதலில் ஸ்பீக்கர் போடுங்கள். பிறகு ஹோம் பட்டனை அமுக்கி வெளியே வாருங்கள். முன்பு சொன்னபடி கால் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது Phone செயலியைத் திறங்கள். கால் திரையே வந்து நின்றால் பின்செல்லும் பட்டனால் அதை விலக்கலாம். கீழே Keypad-ஐத் தொடுங்கள். அவள் சொல்லச் சொல்ல அடியுங்கள்.

தப்பு நடப்பது பெரும்பாலும் "டபுள்" என்ற இடத்தில். "டபுள் நைன் டபுள் ஃபோர்" என்றால் 9944. வேகமாகச் சொல்லும்போது ஒரு டபுள் காதில் விழாமல் 994 என்று போய்விட்டால் கடைசியில் ஒன்பது இலக்கம்தான் இருக்கும். நல்ல வேளையாகப் பெரும்பாலான போன்கள் இந்தியச் செல் எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் இடைவெளி விட்டுக் காட்டும். இரண்டு பக்கமும் ஐந்து இருக்கிறதா, முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றா என்று பாருங்கள். பிறகு நீங்களே ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டுங்கள், டபுள் போடாமல் ஒவ்வோர் இலக்கமாக.

பச்சைப் பட்டனைத் தொடாதீர்கள். தொட்டால் லேபுக்குக் கால் போய் அக்கா ஹோல்டில் நிற்பாள். மேலே வரும் Create new contact-ஐத் தொட்டு, பெயர் அடித்து Save செய்யுங்கள். முடிந்ததும் திரையின் மேல்விளிம்பில் உள்ள போன் படத்தைத் தொட்டுக் கால் திரைக்கு வந்து, ஸ்பீக்கரை நிறுத்திக் காதில் வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் கைவராது என்று தோன்றினால் கூச்சப்படாமல் "ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொல்லு" என்று சொல்லுங்கள். வந்த எண்ணைச் சமீபத்திய அழைப்புகளில் தொட்டு அங்கிருந்தே சேவ் செய்யலாம், ஓர் இலக்கமும் தப்பாகாது.

சேவ் செய்யும்போது எங்கே வைக்க என்று கேட்கிறது. சிம்மா, போனா, ஜிமெயிலா?

ஜிமெயில் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். சிம்மில் இடம் குறைவு. பெயரும் நீளமாக வைக்க முடியாது, சிம் தொலைந்தால் அதோடு போயிற்று. Device என்று போனில் மட்டும் வைத்தால் போன் தண்ணீரில் விழுந்த அன்று எல்லா எண்ணும் போய்விடும். கூகுள் கணக்கில் வைத்தால், ஒத்திசைவு நடந்திருந்தால், புதுப் போனில் அதே கணக்கைப் போட்டதும் பெயர்கள் வந்துவிடும். சேர்ந்திருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் கணினியில் contacts.google.com திறந்து, இன்று சேவ் செய்த பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அது வேறு எங்கோ பதிந்திருக்கிறது, அல்லது இணையம் இல்லாததால் இன்னும் ஏறவில்லை.

கால் வரும்போது பெயர் தெரிகிறது. ஆனால் தேடினால் அந்த ஆள் பட்டியலில் இல்லை.

அது நீங்கள் சேவ் செய்த பெயர் இல்லை. பெரும்பாலும் ட்ரூகாலர் போன்ற செயலிகள் தங்கள் பதிவிலிருந்து எடுத்துக் காட்டும் பெயர் அது. வேறு யாரோ தங்கள் போனில் வைத்திருந்த பெயராகவும் இருக்கலாம். செயலியை நீக்கினாலோ இணையம் இல்லாவிட்டாலோ வெறும் எண் மட்டும் வரலாம். பெயர் தெரிகிறதே என்று சேவ் செய்யாமல் விடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. சமீபத்திய அழைப்புகளில் அந்த எண்ணைத் தொட்டு, Add contact போன்ற வரி இன்னும் தெரிகிறது என்றால் அது சேவ் ஆகவில்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் இதைச் சொல்கிறேன். திரையில் வங்கி பெயர் வந்ததால் பேசுவது வங்கிதான் என்று ஆகிவிடாது. நீங்களே பாஸ்புக்கையோ கார்டையோ பார்த்து அடித்துச் சேவ் செய்த எண்ணுக்கு நீங்களே போட்டுப் பேசினால் மட்டும் நம்புங்கள்.

நம்பருக்கு முன்னால் +91 சேர்த்துச் சேவ் செய்ய வேண்டுமா?

உள்ளூரில் பேச மட்டும் என்றால் தேவையில்லை. ஆனால் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகனைப் பார்க்கப் போகும்போது, அங்கிருந்து வெறும் பத்து இலக்கத்துக்குப் போட்டால் கால் போகாமல் நிற்கலாம். +91 இருந்தால் எந்த நாட்டிலிருந்தும் போகும். வீட்டு ஆட்கள், டாக்டர், வங்கி ஆகிய எண்களையாவது அப்படிச் சேவ் செய்துவிடுங்கள். செல் எண் என்றால் +91-க்குப் பின் பத்து இலக்கம். லேண்ட்லைன் என்றால் ஊர்க் கோட்டின் முதல் 0-ஐ விட்டுவிட வேண்டும். சென்னை எண் +9144 என்று தொடங்கும்.

போன் பூட்டியிருக்கிறது, பின் நம்பரும் தெரியாது. அவசரத்துக்கு யாரையாவது கூப்பிட முடியுமா?

பூட்டுத் திரையில் பின் கேட்கும் இடத்தில் Emergency call என்று இருக்கும். அதைத் தொட்டால் எண்பலகை வரும், 112 அடித்துப் பச்சையைத் தொடுங்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அந்த ஓர் எண் போதும். அடுத்தவர் போனாக இருந்தாலும் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை.